பூட்டு இருந்தும் பூட்டப்படாத பயாஸ்: சிப்செக் அறிக்கையை வாசிப்பது எப்படி

கணினியின் தாய்ப்பலகையில் பயாஸ் குடியிருக்கும் ஃபிளாஷ் சிப்பைப் பாதுகாக்கத் தேவையான பூட்டுகள் அனைத்தையும் இன்டெல் தனது சிப்செட்டுக்குள்ளேயே வைத்துத்தான் அனுப்புகிறது. ஆனால் மின்சாரம் வந்து கணினி எழும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூட்டுகள் திறந்த நிலையிலேயே இருக்கும். இயங்குதளம் கைக்கு வருவதற்கு முன்பு, அவற்றை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டுப் போவது ஃபர்ம்வேரின் வேலை. தயாரிப்பாளர் எழுதிய ஃபர்ம்வேர் ஒரேயொரு பிட்டை வைக்க மறந்துவிட்டால், வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாமலேயே அந்தக் கணினி பாதுகாப்பற்றதாகிவிடுகிறது. திரையில் எந்த அறிகுறியும் தெரியாது; வைரஸ் தடுப்பு மென்பொருளும் எதுவும் சொல்லாது. இந்த விடுபட்ட பிட்டுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக இன்டெல் 2014-இல் திறமூலமாக வெளியிட்ட கருவியே சிப்செக்.

சிப்செக்கில் பல சோதனைகள் இருந்தாலும், இந்தக் கட்டுரை ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது: இயங்குதளத்தில் நிர்வாகி உரிமை பெற்ற ஒரு நிரலால் பயாஸை மாற்றி எழுத முடியுமா? இதற்கான விடை ஒரு வரியில் கிடைப்பதில்லை. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சில பூட்டுகளின் சங்கிலியாக அது அமைந்திருக்கிறது. அந்தச் சங்கிலியை அறியாமல் PASSED, FAILED என்ற சொற்களை மட்டும் பார்த்துப் போகிறவர் தவறான முடிவுக்கு வர வாய்ப்பு அதிகம்.

முதலில் கருவியை எங்கே ஓட்டுவது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிப்செட்டின் அமைப்புகளைத் தாங்கும் சிறு நினைவிடங்களாகிய பதிவகங்களைப் படிக்க, சிப்செக் தனக்கென ஒரு கர்னல் டிரைவரை ஏற்றிக்கொள்கிறது. அந்த டிரைவர் இருக்கும்வரை, சாதாரண நிரலுக்கு எட்டாத நினைவகமும் வன்பொருளும் எட்டக்கூடியவையாகிவிடுகின்றன. ஆகவேதான் அன்றாடப் பயன்பாட்டில் உள்ள கணினிகளில் இதை நிறுவி வைக்கக் கூடாது என்று கருவியை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஒரு யூஎஸ்பி குச்சியில் லினக்ஸை வைத்து, அதிலிருந்து கணினியை எழுப்பிச் சோதித்துவிட்டு, குச்சியைக் கழற்றிவிடுவதே நான் பின்பற்றும் முறை. செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலான லினக்ஸ் கர்னல்கள் கையொப்பமில்லாத டிரைவரை ஏற்க மறுக்கும் என்பதால், சோதனை நேரத்துக்கு மட்டும் அதை அணைக்க வேண்டியிருக்கும். அப்படி அணைத்துவிட்டு எல்லாச் சோதனைகளையும் சேர்த்து ஓட்டினால், செக்யூர் பூட் அணைந்திருக்கிறது என்ற குறையும் அறிக்கையில் வரும். அது நாமே செய்த மாற்றத்தின் விளைவு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் கேள்விக்குத் தேவையான சோதனைகள் மூன்றுதான்:

```
sudo chipsec_main -m common.bios_wp
sudo chipsec_main -m common.bios_smi
sudo chipsec_main -m common.spi_lock
```

சில மாதங்களுக்கு முன்பு 16 எம்பி ஃபிளாஷ் கொண்ட ஒரு பழைய மடிக்கணினியில் இவற்றை ஓட்டினேன். முதல் சோதனையின் முக்கியப் பகுதி இது:

```
[*] BC = 0x0A << BIOS Control (b:d.f 00:31.0 + 0xDC)
    [00] BIOSWE  = 0 << BIOS Write Enable
    [01] BLE     = 1 << BIOS Lock Enable
    [02] SRC     = 2 << SPI Read Configuration
    [04] TSS     = 0 << Top Swap Status
    [05] SMM_BWP = 0 << SMM BIOS Write Protection
```

பயாஸ் கட்டுப்பாட்டுப் பதிவகத்தின் மதிப்பு 0x0A. இதை இரும எண்ணாகப் பிரித்தால் 00001010 என்று வரும். வலக்கோடியில் உள்ள பூஜ்யமாவது பிட் BIOSWE. இது 1 ஆக இருந்தால் பயாஸ் பகுதியில் எழுதலாம். 0 ஆக இருந்தால் எழுத முடியாது. இங்கே 0 என்றுதான் இருக்கிறது. இதைக் கண்டு நிம்மதியடைவதுதான் தொடக்கநிலை வாசகர் செய்யும் முதல் பிழை. ஏனென்றால் BIOSWE பூட்டு அன்று; அது வெறும் கதவு. நிர்வாகி உரிமை பெற்ற எந்த நிரலும், ஒரு டிரைவரின் துணை கிடைத்தால், அதை 1 ஆக மாற்றலாம். கதவு இப்போது சாத்தியிருக்கிறதா என்பதைவிட, அதை யாரெல்லாம் திறக்கலாம் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அதைச் சொல்வது அடுத்த பிட்டாகிய BLE. இது 1 ஆக இருக்கும்போது யாராவது BIOSWE-ஐ 0-இலிருந்து 1-க்கு மாற்றினால், சிப்செட் உடனே எஸ்.எம்.ஐ எனப்படும் தனிவகைக் குறுக்கீட்டை எழுப்பும். செயலி அந்தக் கணமே தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, இயங்குதளத்தின் கண்ணுக்கே தெரியாத எஸ்.எம்.எம் என்ற நிலைக்குள் நுழைந்து, ஃபர்ம்வேர் முன்கூட்டியே அங்கு வைத்துச் சென்ற காவல் நிரலை இயக்கும். அந்த நிரல் BIOSWE-ஐ மீண்டும் 0 ஆக்கிவிட்டுத் திரும்பும். ஒருமுறை BLE-ஐ 1 ஆக்கிவிட்டால், கணினி மீட்டமைக்கப்படும்வரை அதை மாற்ற முடியாது.

கேட்பதற்கு இது உறுதியான ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இதில் கதவு பூட்டப்படவில்லை. யாராவது திறந்தால் மணி அடிக்கும், காவலர் ஓடிவந்து மூடுவார், அவ்வளவுதான். ஆகவே இதை முறியடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மணியை அடிக்கவிடாமல் செய்வது. மற்றொன்று, காவலர் வந்துசேர்வதற்குள் உள்ளே புகுந்துவிடுவது. இரண்டும் செய்துகாட்டப்பட்டவை.

மணி அடிக்குமா என்பதைச் சோதிப்பது `common.bios_smi`. கதவு திறக்கப்பட்டது என்ற செய்தி டி.சி.ஓ என்ற உட்பகுதியின் வழியாகத்தான் எஸ்.எம்.ஐ ஆக மாறுகிறது. அந்தப் பகுதியின் குறுக்கீடுகளை அனுமதிக்கும் பிட் TCO_EN, எல்லா எஸ்.எம்.ஐ-களையும் ஒட்டுமொத்தமாக அனுமதிக்கும் பிட் GBL_SMI_EN. இவ்விரண்டையும் இயங்குதளத்திலிருந்து மாற்ற முடியாதபடி உறையவைப்பவை முறையே TCO_LOCK, SMI_LOCK என்னும் பிட்டுகள். என் மடிக்கணினியில் SMI_LOCK 1 ஆகவும் TCO_LOCK 0 ஆகவும் இருந்தன. அதாவது ஒட்டுமொத்த இணைப்பைத் துண்டிக்க முடியாது. ஆனால் பயாஸ் கதவுக்கு உரிய அந்த ஒரு மணியின் கம்பியை மட்டும் பிடுங்கிவிடலாம். அதன்பின் BLE 1 ஆக இருந்தும் பயனில்லை. முதல் சோதனையில் BLE = 1 என்று கண்டதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தால், இந்த ஓட்டை என் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாவது வழியை கோரி கல்லன்பெர்க், ரஃபால் வோய்ச்சுக் என்ற இரு ஆய்வாளர்கள் 2014 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் விளக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்பீட் ரேசர். இன்றைய செயலிகளில் பல கோர்கள் இருக்கின்றன. ஒரு கோர் BIOSWE-ஐ ஓயாமல் 1 ஆக்கிக்கொண்டே இருக்க, மற்றொரு கோர் அதே வேளையில் ஃபிளாஷில் எழுதும் கட்டளையை ஓயாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், எல்லாக் கோர்களும் எஸ்.எம்.எம் நிலைக்குள் இழுக்கப்படுவதற்கு முன்னால் உள்ள மிகச்சிறிய இடைவெளியில் ஏதேனும் ஒரு கட்டளை நிறைவேறிவிடும். ஒருமுறை தோற்றால் மறுபடியும் முயலலாம். முயற்சிக்கு வரம்பு கிடையாது. மணி சரியாக அடித்தாலும், காவலர் ஒழுங்காக வந்தாலும், BLE மட்டும் இருக்கும் கணினியை இந்த முறையில் மீற முடியும் என்பதே அவர்கள் காட்டிய உண்மை.

இந்த இடைவெளியை அடைப்பதற்கான பிட் அவர்கள் பேசிய காலத்திலேயே சிப்செட்டுகளில் இருந்தது. மேலே உள்ள அறிக்கையின் ஐந்தாவது பிட்டாகிய SMM_BWP-தான் அது. அது 1 ஆக இருந்தால், எல்லாக் கோர்களும் எஸ்.எம்.எம் நிலையில் இருக்கும்போது மட்டுமே பயாஸ் பகுதியில் எழுதுவதை வன்பொருள் ஏற்கும். கதவைத் திறந்தாலும் காவலர் உடன் இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது, ஓட்டப்பந்தயத்துக்கே இடமில்லை. என் மடிக்கணினியில் அது 0. பதிவகத்தில் ஒரேயொரு பிட் 1 ஆகியிருந்தால் 0x0A என்பது 0x2A ஆகியிருக்கும். அந்த ஒரு பிட்டை வைக்காமல் விட்டதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. பயனர் சரிசெய்துகொள்ள அமைப்புத் திரையில் ஒரு தேர்வும் தரப்படவில்லை என்பது இன்னும் வருத்தம் தருவது.

இவை ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. 2018 செப்டம்பரில் ஈசெட் நிறுவனம் வெளியிட்ட லோஜாக்ஸ் பற்றிய ஆய்வு இதற்குச் சான்று. செட்னிட் என்று அறியப்படும் குழு பயன்படுத்திய அந்த நச்சுநிரலே, பயாஸின் இன்றைய வடிவமாகிய யூஇஎஃப்ஐ-க்குள் ஒளிந்துகொள்ளும் ரூட்கிட்டுகளில் உண்மையான தாக்குதலில் கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது. அது ஃபிளாஷில் எழுதப் பயன்படுத்திய கருவி, வன்பொருள் விவரங்களைப் படிக்கப் பலரும் பயன்படுத்தும் ஒரு சாதாரண மென்பொருளின் முறையாகக் கையொப்பமிடப்பட்ட `RwDrv.sys` என்ற டிரைவரை ஏற்றிக்கொண்டு, நாம் மேலே படித்த அதே பதிவகத்தைத்தான் படித்தது. BIOSWE ஏற்கெனவே 1 ஆக இருந்தால் நேராக எழுதும். 0 ஆக இருந்து BLE-யும் 0 ஆக இருந்தால், BIOSWE-ஐ 1 ஆக்கிவிட்டு எழுதும். BLE 1 ஆக இருந்து SMM_BWP 0 ஆக இருந்தால் ஸ்பீட் ரேசர் முறையைக் கையாளும். SMM_BWP-யும் 1 ஆக இருந்தால் எழுதும் முயற்சியைக் கைவிடும். என் மடிக்கணினி மூன்றாவது வகை. 2020 டிசம்பரில் டிரிக்பாட் என்ற நச்சுநிரலிலும் இதே டிரைவரைக் கொண்டு பயாஸின் எழுத்துப் பாதுகாப்பைப் பார்க்கும் பகுதி சேர்க்கப்பட்டிருந்ததை எக்லிப்சியம் நிறுவனமும் அட்வான்ஸ்டு இன்டெலிஜென்ஸ் நிறுவனமும் வெளிப்படுத்தின. தாக்குபவர் படிக்கும் பிட்டுகளும் சிப்செக் படிக்கும் பிட்டுகளும் ஒன்றே.

முதல் சோதனையின் அறிக்கை இத்துடன் முடிவதில்லை. அதன் கீழ்ப்பகுதியில் ஓர் அட்டவணை வரும்:

```
[*] BIOS Region: Base = 0x00500000, Limit = 0x00FFFFFF
PRx (offset) | Value    | Base     | Limit    | WP? | RP?
PR0 (74)     | 8FFF0E00 | 00E00000 | 00FFFFFF | 1   | 0
PR1 (78)     | 00000000 | 00000000 | 00000000 | 0   | 0
```

இதுவரை பார்த்தவை காவலரை நம்பிய ஏற்பாடுகள். PR என்று தொடங்கும் இந்தப் பதிவகங்கள் காவலரையே நம்பாதவை. ஃபிளாஷின் ஒரு குறிப்பிட்ட முகவரி எல்லைக்குள் யாரும் எழுதக் கூடாது என்று இவற்றில் குறித்துவிட்டால், எஸ்.எம்.எம் நிலையில் இயங்கும் நிரலாலும் அங்கே எழுத முடியாது. இதன் மதிப்பு 2016-இல் தெளிவாகப் புரிந்தது. திமித்ரோ ஓலெக்சியூக் என்ற ஆய்வாளர் திங்க்பவ்ன் என்ற பெயரில் வெளியிட்ட நிரல், எஸ்.எம்.எம்-இல் இருந்த காவல் நிரல்களின் பிழை ஒன்றைப் பயன்படுத்தி, அந்த நிலைக்குள்ளேயே தன் கட்டளைகளை இயக்கிக்காட்டியது. காவலரே ஏமாற்றப்பட்டுவிட்டால் SMM_BWP-ஆல் பயனில்லை. அத்தகைய பிழைகளைச் சிப்செக்கின் இந்தச் சோதனைகள் கண்டுபிடிக்கவும் மாட்டா. ஏனென்றால் அவை பூட்டு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கின்றனவே தவிர, ஃபர்ம்வேரின் நிரல் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஆராய்வதில்லை.

அட்டவணையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். 8FFF0E00 என்ற மதிப்பின் மிக உயர்ந்த பிட் 1 ஆக இருப்பது எழுதுவதற்குத் தடை உண்டு என்பதைக் குறிக்கிறது. நடுவில் உள்ள FFF எல்லையின் முடிவு. கடைசியில் உள்ள E00 அதன் தொடக்கம். இரண்டும் 4 கேபி அலகுகளில் எண்ணப்படுகின்றன. ஆகவே E00000 முதல் FFFFFF வரை, அதாவது கடைசி 2 எம்பி மட்டும் காக்கப்படுகிறது. ஆனால் பயாஸ் பகுதியோ 500000-இல் தொடங்கி 11 எம்பி நீளம் கொண்டது. மீதி 9 எம்பிக்கு இந்தத் தடை இல்லை. தொடக்க நிலையில் இயங்கும் முக்கிய நிரலை மட்டும் காத்தால் போதும் என்று தயாரிப்பாளர் எண்ணியிருக்கலாம். முழுப் பகுதியையும் அடைக்கவும் முடியாது. யூஇஎஃப்ஐ மாறிகள் சேமிக்கப்படும் இடமும் அதற்குள்தான் இருக்கிறது. அங்கே எழுத முடியாமல் போனால் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாது. அதனால் PR அட்டவணையில் இடைவெளி இருப்பதைக் கண்டவுடன் குற்றம் சொல்லிவிட முடியாது. விடப்பட்ட இடத்தில் மாறிகள் மட்டும் இருக்கின்றனவா, இயங்கும் நிரலும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் மடிக்கணினியில் விடப்பட்டிருந்த 9 எம்பி, மாறிகளுக்குத் தேவையானதைவிட மிகமிக அதிகம்.

SMM_BWP இல்லை, PR அட்டவணையும் முழுமையில்லை என்பதால் முதல் சோதனை FAILED என்று முடிந்தது. தயாரிப்பாளர் வெளியிட்டிருந்த பிந்தைய ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகு மீண்டும் ஓட்டினேன். பதிவகம் 0x2A என்று மாறியிருந்தது. முடிவும் PASSED என்று வந்தது. PR அட்டவணை பழையபடியே இருந்தது. இரண்டு காப்புகளில் ஒன்று முழுமையாக இருந்தால் போதும் என்று கொண்டு இந்தச் சோதனை தேர்ச்சி வழங்கிவிடுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆகவே PASSED என்று வந்த இரண்டு கணினிகள் ஒரே அளவு காக்கப்பட்டவை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது சோதனையாகிய `common.spi_lock` பார்ப்பது, PR பதிவகங்களில் எழுதிவைத்த எல்லைகளை யாராவது அழித்துவிட முடியுமா என்பதை. HSFS என்ற பதிவகத்தின் பதினைந்தாவது பிட் FLOCKDN. அது 1 ஆக இருந்தால் அவை உறைந்துவிட்டன என்று பொருள். 0 ஆக இருந்தால் PR அட்டவணை முழுவதும் வெறும் அறிவிப்புப் பலகைதான். என் மடிக்கணினியில் HSFS மதிப்பு 0xE008. முதல் இலக்கமாகிய E என்பது 1110. அதன் முதல் பிட் 1. ஆகவே பூட்டப்பட்டிருக்கிறது.

இங்கேதான் பெரும்பாலான சோதனைகள் நின்றுவிடுகின்றன. ஆனால் கணினியை உறங்கவைத்து எழுப்பிய பிறகு இதே சோதனையை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்காவிட்டால் பாதிச் சோதனையே முடிந்திருக்கிறது. எஸ்-3 எனப்படும் உறக்கத்தில் சிப்செட்டின் பெரும்பகுதிக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது, பூட்டுகளும் திறந்துகொள்கின்றன. விழிக்கும்போது ஃபர்ம்வேர் முழுத் தொடக்கத்தைச் செய்யாமல், குறுக்குவழியில் பதிவகங்களை நிரப்பிவிட்டுக் கட்டுப்பாட்டை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. அந்தக் குறுக்குவழியில் பூட்டும் வேலை விடுபட்டுப் போவது அரிதன்று. பெத்ரோ விலாசா என்ற ஆய்வாளர் 2015 மே மாதத்தில், 2014 நடுப்பகுதிக்கு முந்தைய ஆப்பிள் மேக் கணினிகள் பலவற்றில் இதே குறை இருப்பதை வெளியிட்டார். முப்பது விநாடி உறங்கவைத்து எழுப்பினாலே ஃபிளாஷ் பூட்டு திறந்துகிடந்தது. அடுத்த மாத இறுதியில் ஆப்பிள் அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

லினக்ஸில் இதைச் செய்துபார்க்க இரண்டு வரிகள் போதும்:

```
cat /sys/power/mem_sleep
sudo rtcwake -m mem -s 30
```

முதல் வரியின் விடையில் `[deep]` என்று அடைப்புக்குறிக்குள் வந்தால்தான் உண்மையான எஸ்-3 உறக்கம் நடக்கும். `[s2idle]` என்று வந்தால், சிப்செட் மின்சாரத்தை இழப்பதில்லை; பூட்டுகளும் திறப்பதில்லை; சோதனையால் எதுவும் தெரியவராது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் s2idle மட்டுமே இருக்கும். என் பழைய கணினியில் deep இருந்தது. முப்பது விநாடி உறங்கி எழுந்தபின் மூன்று சோதனைகளையும் மறுபடியும் ஓட்டினேன். முதலாவது மாற்றமின்றி PASSED. மூன்றாவது FAILED: HSFS 0xE008-க்குப் பதிலாக 0x6008. அதாவது 1110 என்பது 0110 ஆகியிருந்தது, FLOCKDN விழுந்திருந்தது. PR0-இல் எல்லை பழையபடியே எழுதப்பட்டிருந்தாலும், அதை அழிக்க இப்போது யாருக்கும் தடையில்லை.

இதன் பொருளை அளவறிந்து சொல்ல வேண்டும். SMM_BWP உறக்கத்துக்குப் பிறகும் 1 ஆகவே இருந்ததால், லோஜாக்ஸ் கையாண்ட வழிகள் இந்தக் கணினியில் இனி எடுபடமாட்டா. ஆனால் காவல் நிரலில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், அப்போதும் எஞ்சி நிற்க வேண்டிய கடைசி 2 எம்பியின் தடை இந்தக் கணினியில் முதல் உறக்கத்தோடு முடிந்துவிடுகிறது. உறங்கவைப்பதற்கு நிர்வாகி உரிமைகூடத் தேவையில்லை. மூடியை மூடினாலே போதும். மாற்று ஃபர்ம்வேர் வரும்வரை இந்தக் கணினியில் எஸ்-3 உறக்கத்தை இயங்குதளத்திலேயே முடக்கிவைப்பது என்று முடிவு செய்தேன். நிர்வாகி உரிமை பெற்ற தாக்குநர் அந்த முடக்கத்தை நீக்கிவிட முடியும் என்பதால், இது விபத்தாகப் பூட்டு திறப்பதை மட்டுமே தவிர்க்கும்.

அறிக்கையை நம்புவதற்கு முன் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சில கணினிகளில் இந்தப் பதிவகங்கள் இருக்கும் உட்சாதனத்தை ஃபர்ம்வேர் மறைத்துவிடும். 100-ஆம் வரிசைச் சிப்செட்டுகளிலிருந்து பயாஸ் கட்டுப்பாட்டுப் பதிவகம் 00:31.0-இலிருந்து 00:31.5-க்கு இடம் மாறியிருக்கிறது. அங்கே இது நேரக்கூடும். மறைந்த சாதனத்தைப் படித்தால் வரும் மதிப்பு FFFFFFFF, அதாவது எல்லாப் பிட்டும் 1. BLE-யும் 1, SMM_BWP-யும் 1 என்று அது தோற்றமளித்தாலும், உண்மையில் அங்கே யாரும் பதில் சொல்லவே இல்லை. சிப்செக்குக்கு அறிமுகமில்லாத புதிய சிப்செட்டில், தளம் தெரியவில்லை என்ற எச்சரிக்கையை `-i` கொடுத்துப் புறக்கணித்து ஓட்டும்போதும் இதே கவனம் தேவை. முகவரிகள் மாறியிருந்தால் கருவி வேறெதையோ படித்துவிட்டு அதற்குத் தீர்ப்பு எழுதக்கூடும். அதனால் முடிவு வரியைப் படிப்பதற்கு முன்னால், அதற்கு மேலே உள்ள மூல மதிப்பை எடுத்து, ஒருமுறை கையால் பிட் பிட்டாகப் பிரித்துப் பார்ப்பதை நான் தவிர்ப்பதில்லை. பதிவகம் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.